எண் போட்டுவிட்டால் இலக்கு ஆகிவிடுமா? – எம்.பி.ஓ. கேள்விக்கு ஒரு குறிப்பு

பொறியியல் படித்தவர்களுக்கு 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மெண்ட்' பேப்பர் ஞாபகம் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் அதன் இரண்டாவது யூனிட் பிளானிங். அந்த யூனிட்டிலிருந்து சுற்றிச் சுற்றி வரும் கேள்வி ஒன்று உண்டு. எம்.பி.ஓ., அதாவது 'மேனேஜ்மெண்ட் பை அப்ஜெக்டிவ்ஸ்' என்றால் என்ன, அதன் செயல்முறையை உதாரணத்தோடு விளக்குக. கூடவே இரண்டு மார்க் பகுதியில், நல்ல இலக்கின் தன்மைகள் யாவை என்று ஒரு கேள்வி.

இதற்கு எழுதப்படும் பதில்களில் வரையறை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். படிகளும் வரிசையாக வந்துவிடும். சறுக்குவது உதாரணத்தில்தான். "இலக்கு திட்டவட்டமாகவும் அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். உதாரணம்: உற்பத்தித்திறனை 20 சதவீதம் உயர்த்துவது" என்று எழுதிவிட்டு அடுத்த பாயிண்டுக்குப் போய்விடுவார்கள். எண் இருக்கிறது, சதவீதக் குறி இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

அந்த உதாரணம் திட்டவட்டமானதும் இல்லை, அளவிடக்கூடியதும் இல்லை என்பதுதான் என் கட்சி. இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகப் போகிறது. பரீட்சைக்கு உதவும். வேலைக்குப் போனபிறகு வருஷா வருஷம் அப்ரைசல் படிவம் நிரப்பும்போது இன்னும் அதிகமாக உதவும். அங்கே போவது மார்க் அல்ல, இன்க்ரிமெண்ட்.

மரம் ஏற்றிய லாரிகள்

முதலில் ஒரு நிஜக் கதை. இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் ஆய்வுகளில் ஒன்று இது. 1975-ல் கேரி லேதம், ஜேம்ஸ் பால்டஸ் என்ற இருவர் வெளியிட்டது. இடம் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலம். காட்டில் வெட்டிய மரங்களை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் 36 லாரிகள்.

பிரச்சினை என்னவென்றால், ஒரு லாரி சட்டப்படி எவ்வளவு எடை ஏற்றலாமோ அதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் ஏற்றிக்கொண்டு போயின. மீதி இடம் காற்று. ஓட்டுநர்களைக் குறை சொல்லவும் முடியாது. மரங்களின் நீளமும் கனமும் ஒன்றுபோல இருக்காது, லாரிகளின் அளவும் வேறுவேறு. அதிகமாக ஏற்றினால் அபராதம். அதனால் கொஞ்சம் குறைவாகவே ஏற்றுவது பத்திரம். முதல் மூன்று மாதம் ஓட்டுநர்களிடம் சொல்லப்பட்டது "உங்களால் முடிந்த அளவு ஏற்றுங்கள்" என்பதுதான். எடையில் ஒன்றும் பெரிய மாற்றமில்லை.

பிறகு இலக்கை மாற்றினார்கள். சட்டம் அனுமதிக்கும் நிகர எடையில் 94 சதவீதம். இதுதான் புது இலக்கு. எட்டாவிட்டால் தண்டனை கிடையாது என்றும் சொன்னார்கள். எட்டினால் பணமும் கிடையாது, வாய்ப்பாராட்டு மட்டும்தான். முதல் மாத முடிவில் சராசரி 80 சதவீதத்தைத் தொட்டது. இரண்டாம் மாதம் 70-க்கு இறங்கியது. தண்டனை இல்லை என்று நிர்வாகம் சொன்னது நிஜம்தானா என்று ஓட்டுநர்கள் சோதித்துப் பார்த்தார்கள் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தண்டனை வரவில்லை. மூன்றாம் மாதம் 90-ஐத் தாண்டியது, அங்கேயே நின்றது. அதே அளவு மரத்தைப் பழைய முறையில் கொண்டுவர வேண்டுமென்றால் கூடுதல் லாரிகள் வாங்கியிருக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் மிச்சமானது சுமார் 2.5 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள்.

எட்வின் லாக் 1968-ல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்து இதுதான்: திட்டவட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு, "முடிந்ததைச் செய்" என்பதைவிட அதிகம் வேலை வாங்கும். அதுவரை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை லாரிகளில் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. 94 சதவீதம் என்பதும் 'உற்பத்தித்திறன் 20 சதவீதம்' என்பதும் ஒரே மாதிரியான வாக்கியங்கள் போலத் தெரியும். ஆனால் 94 சதவீதத்தில் 'எதில் 94?' என்ற கேள்விக்குப் பதில் உள்ளேயே இருக்கிறது. அந்த லாரியின் சட்டபூர்வ நிகர எடையில். டன் கணக்கில் சொல்லியிருந்தால் சின்ன லாரிக்காரருக்கு அநியாயம், பெரிய லாரிக்காரருக்குச் சுலபம். 'முழு லாரி' என்று சொல்லியிருந்தால் எது முழுசு என்று சண்டை. ஒவ்வொரு நடைக்கும் எடை ஒரு தராசில் தெரிந்துவிடுகிறது. சூப்பர்வைசருக்கும் ஓட்டுநருக்கும் ஆகாது என்றாலும் இருவரும் ஒரே எண்ணைத்தான் படிப்பார்கள்.

திட்டவட்டம் வேறு, அளவிடுவது வேறு

பதில்களில் இந்த இரண்டு சொல்லும் இரட்டைப்பிறவி மாதிரி சேர்ந்தே வரும். இரண்டும் ஒன்றல்ல. நான்கு வாக்கியங்களை வைத்துப் பார்த்தால் புரியும்.

"வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துவது." இது திட்டவட்டமும் இல்லை, அளவிடவும் முடியாது. இதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"இணையதளத்தின் பணம் கட்டும் பக்கத்தை வாடிக்கையாளருக்கு வசதியாக மாற்றுவது." இது திட்டவட்டம். எந்தப் பக்கம் என்று தெரிகிறது. ஆனால் வசதியாகிவிட்டதா என்று எப்படிச் சொல்வது? செய்தவர் ஆகிவிட்டது என்பார். மேனேஜர் இன்னும் இல்லை என்பார். இருவரும் உண்மையே பேசுவார்கள்.

"உற்பத்தித்திறனை 20 சதவீதம் உயர்த்துவது." இதுதான் நம் கதாநாயகன். எண் இருக்கிறது, பொருள் இல்லை. உற்பத்தித்திறன் என்பது ஒரு ஆளுக்கு ஒரு மணிநேரத்தில் எத்தனை துண்டு என்பதா, ஒரு மெஷினுக்கா, செலவிட்ட ஒரு ரூபாய்க்கா? 20 சதவீதம் எதிலிருந்து? போன வருஷ சராசரியிலிருந்தா, போன மாதத்திலிருந்தா? போன மாதம் ஸ்ட்ரைக் நடந்திருந்தால் ஒன்றுமே செய்யாமல் 20 சதவீதம் வந்துவிடும். எண்ணைப் போட்டதால் இது அளவிடக்கூடியதாக மாறிவிடவில்லை, அளவிடக்கூடியது மாதிரி வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறது.

"ஜூன் 30-க்குள் நிறுவல் கையேட்டை எழுதி முடிப்பது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் யாரிடமும் கேட்காமல், அதை மட்டும் படித்து மென்பொருளை நிறுவ முடிய வேண்டும்." இதில் சதவீதம் இல்லை, ரூபாய் இல்லை. ஆனால் ஜூன் 30 அன்று ஒரு புது ஆளை உட்கார வைத்தால் ஆம் அல்லது இல்லை என்று தெரிந்துவிடும்.

இந்த நான்காவது வகைக்காகத்தான் கூண்ட்ஸ், வைரிச் எழுதிய பாடநூலில் 'அளவிடக்கூடிய' என்பதைவிட 'சரிபார்க்கக்கூடிய' என்ற பொருள்படும் சொல்லுக்கு முக்கியத்துவம் தருகிறார்கள். காலக்கெடு முடிந்த அன்று, நிறைவேறியதா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். சோதனை அவ்வளவுதான். எண் என்பது அதற்கு ஒரு வழி, பெரும்பாலும் சுலபமான வழி. ஒரே வழி இல்லை. ஸ்மார்ட் என்ற சுருக்கத்தை 1981-ல் ஒரு கட்டுரையில் கொண்டுவந்த ஜார்ஜ் டோரனும், எல்லா மட்டத்திலும் எல்லா இலக்கையும் எண்ணாக்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. சில இடங்களில் அப்படி முயல்வது நடைமுறைக்கு ஒத்துவராது என்றுதான் எழுதினார்.

குவெரி எழுதிப் பார்ப்பது

நான் மென்பொருள்காரன். அதனால் எனக்குக் கைவந்த ஒரு சோதனை உண்டு. இலக்கு வாக்கியத்தைப் படித்துவிட்டு, அதற்கு ஒரு டேட்டாபேஸ் குவெரி எழுத முடியுமா என்று பார்ப்பேன். எழுத உட்கார்ந்தால் வாக்கியத்தில் இருக்கும் ஓட்டை எல்லாம் தானாக வெளியே வரும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்களும் கற்பனைதான். வாடிக்கையாளர் புகார்களைத் தீர்க்கும் சப்போர்ட் குழு ஒன்று. அவர்களுக்குத் தரப்பட்ட இலக்கு: "அவசரப் புகார்களில் 85 சதவீதத்தை 8 மணிநேரத்தில் தீர்க்க வேண்டும்." பார்க்க நன்றாகவே இருக்கிறது. பரீட்சையில் எழுதினால் மார்க்கும் வரலாம். இப்போது குவெரி எழுதலாம்.

```
SELECT 100.0 * SUM(CASE WHEN hours_to_fix <= 8
                         AND reopened_7d = 0
                        THEN 1 ELSE 0 END) / COUNT(*)
FROM tickets
WHERE severity = 1
  AND opened_at >= '2025-10-01'
  AND opened_at <  '2026-01-01';
```

எஸ்.க்யூ.எல். தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். "அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிவான முதல்நிலைப் புகார்களை எடு, அவற்றில் 8 மணிநேரத்துக்குள் தீர்ந்து, 7 நாளுக்குள் மறுபடி திறக்கப்படாதவை எத்தனை சதவீதம் என்று சொல்" என்பதுதான் இதன் பொருள். எழுதும்போது நான் எத்தனை விஷயத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள்.

'அவசர' என்றால் என்ன? இங்கே `severity = 1` என்று வைத்தேன். அதை வாடிக்கையாளர் குறிப்பதா, நம் ஆள் குறிப்பதா? நம் ஆள் குறிப்பதானால், கஷ்டமான புகாரை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிட்டால் சதவீதம் ஏறிவிடும். அப்புறம் 8 மணிநேரம் எப்போதிலிருந்து? புகார் பதிவானதிலிருந்தா, ஒருவர் அதைக் கையிலெடுத்ததிலிருந்தா? ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கணக்கில் உண்டா? 'தீர்த்தது' என்றால்? மூடிய புகாரை மறுநாளே வாடிக்கையாளர் திறந்தால் அது தீர்ந்ததா? அதற்காகத்தான் அந்த `reopened_7d` வரி.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடைசியில் வரும் `COUNT(*)`, அதாவது பின்னத்தின் பகுதி. பகுதியில் எதைப் போடுவது? வந்த புகார்கள் எல்லாவற்றையுமா, மூடப்பட்டவற்றை மட்டுமா? வந்தது 200, மூடியது 150, அதில் 8 மணிநேரத்துக்குள் மூடியது 130 என்று வைத்துக்கொள்வோம். மூடியதை வைத்துப் பார்த்தால் 150-க்கு 130, ஏறக்குறைய 87 சதவீதம். இலக்கு நிறைவேறியது, கைதட்டல். வந்ததை வைத்துப் பார்த்தால் 200-க்கு 130, அதாவது 65 சதவீதம். இலக்கு தவறியது. அதே குழு, அதே மூன்று மாதம், அதே வேலை. பொய் சொன்னவர் யாரும் இல்லை. வாக்கியம் வேலையை முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆக, ஒரு இலக்கு அளவிடக்கூடியது என்று சொல்ல வேண்டுமானால் அந்த வாக்கியத்தில் இவை இருக்க வேண்டும்: எதை எண்ணுகிறோம், எதில் எத்தனை, இப்போது எங்கே இருக்கிறோம், எங்கே போக வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு.

'யார் பொறுப்பு' என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்மார்ட்டில் உள்ள 'ஏ'-வுக்கு 'அட்டெய்னபிள்', எட்டக்கூடியது என்றுதான் நாம் எல்லோரும் எழுதுகிறோம். டோரனின் மூலக் கட்டுரையில் அது 'அசைனபிள்', இன்னார் செய்வார் என்று ஒப்படைக்கக்கூடியது. எட்டக்கூடியதா என்பதை அடுத்த எழுத்தான 'ஆர்', அதாவது 'ரியலிஸ்டிக்' பார்த்துக்கொள்கிறது. 'ஏ'-வும் அதையே சொன்னால் ஒரே கருத்து இரண்டு எழுத்தை அடைத்துக்கொள்கிறது, பொறுப்பாளி காணாமல் போய்விடுகிறார். அட்டெய்னபிள் இன்று பரவலாகிவிட்டதால் அதை எழுதினால் தப்பில்லை. பொறுப்பாளியை மட்டும் உதாரணத்தில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

மேலே திரும்பிப் போகும் படி

செயல்முறைப் பகுதிக்கு வருவோம். மேல்மட்டம் முதலில் உத்தேச இலக்கு வைக்கிறது, யார் எதற்குப் பொறுப்பு என்று தெளிவாக்குகிறது, கீழே உள்ளவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய இலக்கை முடிவு செய்கிறது, செயல்திட்டம், நடுவில் பரிசீலனை, கடைசியில் மதிப்பீடு. இதைப் பெரும்பாலும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். விட்டுப்போவது ஒன்றே ஒன்று: கூண்ட்ஸ் 'ரீசைக்ளிங்' என்று சொல்லும் படி. அதாவது கீழே பேசியதில் தெரியவந்த விஷயத்தை வைத்து மேலே உள்ள இலக்கை மறுபடி திருத்துவது. இது இல்லாவிட்டால் எம்.பி.ஓ. என்பது மேலிருந்து வரும் உத்தரவுக்கு இன்னொரு பெயர்.

நம் சப்போர்ட் குழுவிலேயே இதைப் பார்க்கலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை 200 முதல்நிலைப் புகார்கள் வந்தன. 8 மணிநேரத்தில் தீர்ந்தது 124, அதாவது 62 சதவீதம். 85 சதவீதம் வேண்டும் என்கிறது மேல்மட்டம். 200-க்கு 170. குழுத்தலைவர் உடனே தலையாட்டவில்லை. தவறிப்போன 76 புகார்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறார். அதில் 41 புகார்களில் இவர்கள் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. டேட்டாபேஸ் குழுவின் ஒப்புதலுக்காகக் காத்திருந்ததில்தான் நேரம் போயிருக்கிறது. இவர்கள் கையில் இருந்தது மீதி 35 மட்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அந்த 35-ஐயும் ஒன்றுவிடாமல் நேரத்தில் தீர்த்தாலும் 124-உடன் சேர்ந்து 159. அதாவது 79.5 சதவீதம். இந்தக் குழு தலைகீழாக நின்றாலும் 85 வராது. இதைத் தெரிந்துகொண்ட மேல்மட்டம் செய்ய வேண்டியது, டேட்டாபேஸ் குழுவுக்கு ஒரு இலக்கு வைப்பது. முதல்நிலைப் புகாருக்கான ஒப்புதல் 2 மணிநேரத்துக்குள் தரப்பட வேண்டும் என்று. அல்லது அது முடியாது என்றால் 85-ஐக் குறைப்பது. இரண்டில் எதைச் செய்தாலும் மேலே இருந்த இலக்கு மாறியிருக்கிறது. அதுதான் அந்தப் படி.

இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், இலக்கு சரியாக அளவிடப்பட்டிருந்தது. "சேவையை மேம்படுத்து" என்று சொல்லியிருந்தால் குழுத்தலைவரால் எதிர்த்துப் பேச ஒரு ஆதாரமும் கிடைத்திருக்காது. திட்டவட்டமான இலக்கு கீழே உள்ளவரை இறுக்கிப் பிடிப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்கு வாதாட ஒரு ஆயுதம் தருவதும் அதுதான்.

அளவு யாருக்காக?

எம்.பி.ஓ. என்றதும் பீட்டர் ட்ரக்கர், 1954 என்று எழுதுவோம். 'தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மெண்ட்' என்ற புத்தகம். அதில் அவர் வைத்த முழுப் பெயர் இலக்குகள் மூலம் மேலாண்மை 'மற்றும் சுயகட்டுப்பாடு' என்பது. பாதிப் பெயர் பிற்பாடு உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த பாதியில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

அளவுகோல் எதற்கு என்றால், வேலை செய்பவர் தான் எங்கே நிற்கிறோம் என்று தானே தெரிந்துகொள்வதற்கு என்கிறார் ட்ரக்கர். அதற்கு அவர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைக் காட்டுகிறார். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பிரிவுகளை ஆராயும் தணிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்கள் அறிக்கை போனது தலைமைக்கு அல்ல, ஆராயப்பட்ட பிரிவின் மேனேஜருக்கே. இன்னொன்றும் சொல்கிறார். சில இடங்களில் மேனேஜர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுவார்களாம். உங்கள் வேலையின் இலக்கு என்று நான் புரிந்துகொண்டது இது, என் இலக்கு இது, எனக்கு எது தடையாக இருக்கிறது, நீங்கள் செய்வதில் எது உதவுகிறது, எது இடைஞ்சல் என்று. இலக்கை எழுதுவது கீழே உள்ளவர், மேலே உள்ளவர் அதை ஒத்துக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். ரீசைக்ளிங் படியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒக்லஹோமா லாரிகளுக்குத் திரும்பினால் இது புரியும். ஒவ்வொரு நடைக்கும் ஓட்டுநருக்கே எடை தெரிந்தது. இன்று 88 ஏற்றியவர் நாளை இன்னொரு மரம் வைக்கலாமா என்று தானே யோசிக்க முடியும். அந்த எண் வருஷக் கடைசியில் மேனேஜரின் மேஜையில் மட்டும் தெரிந்திருந்தால் 94 என்ற இலக்கு சுவரில் ஒட்டிய வாசகமாகவே இருந்திருக்கும். அதனால் அளவிடக்கூடியது என்பதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேலை நடக்கும்போதே, வேலை செய்பவராலேயே அளவிடக்கூடியது.

எண் மட்டும் நிறைவேறும்போது

இதன் மறுபக்கத்தையும் பதிலில் 'குறைபாடுகள்' என்ற தலைப்பில் கேட்பார்கள். வழக்கமாக 'காகித வேலை அதிகம், நேரம் பிடிக்கும்' என்று எழுதுவோம். அவை உண்மை. ஆனால் பெரிய குறை வேறு. இலக்கு திட்டவட்டமாக இருந்தால், சொல்லாமல் விட்டதெல்லாம் பலியாகும்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு கணக்குகள் அல்லது சேவைகள் என்று இலக்கு வைத்திருந்தார்கள். திட்டவட்டம், அளவிடலாம், எதில் எத்தனை என்று தெளிவு. நம் சோதனை எல்லாவற்றிலும் பாஸ். ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே அவர் பெயரில் கணக்குகள் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். அளக்கப்பட்டது கணக்குகளின் எண்ணிக்கை. வாடிக்கையாளர் கேட்டாரா, அதைப் பயன்படுத்துகிறாரா என்பது வாக்கியத்தில் இல்லை. இலக்கோடு சேர்ந்து நெருக்கடியும் மேலிருந்து இறங்கியது. லாரி ஓட்டுநர்களுக்குச் சொன்னமாதிரி தவறினால் தண்டனை இல்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அதனால் நல்ல இலக்கோடு ஒரு காவல் நிபந்தனை கூடவே வரும். லாரிகளில் அது சட்டம். 94-ஐ எட்டும் வேகத்தில் 100-ஐத் தாண்டினால் அபராதம். நம் குவெரியில் அது `reopened_7d = 0` என்ற ஒரு வரி. இலக்கை எழுதியதும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: நான் குறுக்குவழிக்காரனாக இருந்தால், வேலையைச் செய்யாமல் இந்த எண்ணை எப்படிக் கொண்டுவருவேன்? கிடைக்கும் பதில்தான் காவல் நிபந்தனை.

பதிலில் எப்படி எழுதுவது

இரண்டு மார்க் கேள்விக்கு ஸ்மார்ட்டின் ஐந்து சொற்களை மட்டும் எழுதுவதைவிட, ஒரு வரி வரையறையும் ஒரு உதாரணமும் மேல். "காலக்கெடு முடிந்த அன்று நிறைவேறியதா என்று யார் சரிபார்த்தாலும் ஒரே பதில் வரும் இலக்கே அளவிடக்கூடிய இலக்கு" என்று எழுதிவிட்டு, மேலே சொன்ன கையேடு உதாரணத்தைப் போன்ற ஒன்றை எழுதலாம்.

பெரிய கேள்விக்கு, எல்லாப் படிக்கும் தனித்தனி உதாரணம் தேட வேண்டாம். ஒரே ஒரு இலக்கை எடுத்து எல்லாப் படிகளிலும் அதையே நடத்திச் செல்லுங்கள். முதலில் மேல்மட்டத்தின் உத்தேச இலக்கு. பிறகு குழுத்தலைவரோடு பேச்சு. 76-ல் 41 என்ற கணக்கு. அதனால் டேட்டாபேஸ் குழுவுக்குப் புது இலக்கு. பிறகு மாதாமாதம் பரிசீலனை, ஜனவரியில் மதிப்பீடு. கடைசியில் நிற்கும் இலக்கு வாக்கியம் இப்படி இருக்கும்:

"அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை பதிவாகும் முதல்நிலைப் புகார்கள் அனைத்திலும் 85 சதவீதம், பதிவான நேரத்திலிருந்து 8 மணிநேரத்துக்குள் தீர்க்கப்பட வேண்டும். ஜூலை–செப்டம்பரில் இது 62 சதவீதம். 7 நாளுக்குள் மறுபடி திறக்கப்படும் புகார் தீர்ந்ததாகக் கொள்ளப்படாது. பொறுப்பு: சப்போர்ட் குழுத்தலைவர்."

நீளம்தான். "உற்பத்தித்திறனை 20 சதவீதம் உயர்த்துவது" என்பதைவிடப் பத்து மடங்கு நீளம். ஆனால் ஜனவரி நடுவில் குழுத்தலைவரும் அவர் மேனேஜரும் உட்காரும்போது பேச வேண்டியது எண் என்ன என்பதை அல்ல, ஏன் அந்த எண் வந்தது என்பதை மட்டும்தான். "20 சதவீதம்" என்று எழுதியவர்கள் அந்த நேரத்தில் உற்பத்தித்திறன் என்றால் என்ன என்று விவாதித்துக்கொண்டிருப்பார்கள். அந்த விவாதத்தில் பெரும்பாலும் ஜெயிப்பது மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்.